தொழிற்புரட்சி ஏன் துணியிலயும் நிலக்கரியிலயும் ஆரம்பிச்சுது? அப்ப மில்லுல வேலை பாத்தவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு?

ரெண்டும் முதல்ல தனித்தனியாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, பிறகுதான் ஒண்ணு சேந்துச்சு.

அப்ப இங்கிலாந்துல நெசவு வீட்டு வேலை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கவே நாலஞ்சு ராட்டை ஓடணும். 1733ல ஜான் கே பறக்கும் நாடாவ கொண்டு வந்தாரு, கயித்த சுண்டினா குறுக்கு நூல கொண்டு போற நாடா தானா அந்தப் பக்கம் ஓடிரும், நெசவு வேகமாகி நூலுக்குத் தட்டுப்பாடு வந்துருச்சு. அப்ப நூற்புக்கு மிஷின் செஞ்சவனுக்குத்தான் லாபம். 1760கள்ல ஹார்க்ரீவ்ஸோட ஜென்னி மிஷின்ல ஒரே ஆள் எட்டு நூற்புக் கதிர் ஓட்டினாங்க, 1771ல கிராம்ஃபோர்டுல ஆர்க்ரைட் ஆத்துத் தண்ணியில ஓடுற மில்லையே கட்டிட்டாரு. வாங்குறதுக்கும் ஆள் ரெடி. நம்ம சோழமண்டலக் கரையில இருந்தெல்லாம் போன பருத்தித் துணிய அங்க அப்படி விரும்பினாங்க, கம்பளிக்காரங்க கத்தி 1721ல சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு.

நிலக்கரி கதை வேற. சுரங்கம் ஆழமாக ஆழமாக தண்ணி ஊறும், அத இறைக்க 1712ல நியூகோமன் நீராவி எஞ்சின் வெச்சாரு. அது கரிய அப்படித் தின்னும், வேற எங்க வெச்சாலும் கட்டுபடியாகாது. ஆனா சுரங்க வாசல்ல விலை போகாத பொடிக்கரி சும்மா குவிஞ்சு கிடந்துச்சே, அதனாலதான் அந்த எஞ்சின் பொழைச்சுதுன்னு நான் சொல்வேன். ஜேம்ஸ் வாட் கரிச்செலவ குறைச்சு, 1780கள்ல சக்கரம் சுத்துற மாதிரி மாத்தின பிறகுதான் எஞ்சின் மில்லுக்குள்ள வந்துச்சு. ஆத்தங்கரை வேணாம்னு ஆனதும் மில்லுங்க மான்செஸ்டர் மாதிரி ஊர்ல குவிஞ்சுது.

உள்ள எப்படி இருந்துச்சுன்னா, எலிசபெத் பென்ட்லி 1832ல பார்லிமெண்ட் கமிட்டி முன்னாடி சொன்னதப் படிங்க. லீட்ஸ்ல ஆளிச்செடி நார்ல நூல் நூக்கிற ஒரு மில்லுல ஆறு வயசுல சேந்தவங்க. வேலை டாஃபிங், அதாவது பாபின் நிறைஞ்சதும் ஃபிரேம நிறுத்தி, நிறைஞ்சத கழட்டி, காலி பாபின் மாட்டி, திரும்ப ஓட விடணும். கொஞ்சம் தாமதமானா வாரால அடி. ஆர்டர் அதிகமான சமயத்துல காலையில 5 மணியில இருந்து ராத்திரி 9 வரைக்கும், சாப்பிட மத்தியானம் 40 நிமிஷம், அந்தத் தூசியில சாப்பாடே இறங்காதாம். பிறகு தூசி இன்னும் மோசமான ரூம்ல கூடை இழுத்து இழுத்து தோள்மூட்டு பிசகி, உடம்பே கோணிப்போச்சு. சாட்சி சொன்னப்ப 23 வயசு, இருந்தது ஏழைங்க விடுதியில.

அடுத்த வருஷமே சட்டம் வந்துச்சு, 9 வயசுக்குக் கீழ யாரையும் வெக்கக் கூடாதுன்னு. பட்டு மில்லுக்கு அதுலயும் விலக்கு, சட்டத்த கண்காணிக்க நாட்டுக்கே நாலு இன்ஸ்பெக்டர்தான்.