இரவு எட்டு மணிக்கு மட்டும் படுத்துவிடும் இணையம்: லைன் பழுதை எப்படி நிரூபிப்பது?

உப்புவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மாலை ஏழரைக்குப் பிறகு இணையம் நகர்வதே இல்லை. வேகச் சோதனைப் படங்கள் நாற்பது அனுப்பிவிட்டேன். இணைய நிறுவனத்தின் ஆள் காலை பத்து மணிக்கு வந்து, லைன் நன்றாக இருக்கிறதென்று முறைப்பாட்டை மூடிவிட்டார். இனி எதை அனுப்புவது?

ஐயா, அந்த நாற்பது படங்களும் வேகம் குறைவு என்பதை மட்டுமே சொல்கின்றன. எங்கே குறைகிறது என்பதைச் சொல்வதில்லை. படங்கள் கைத்தொலைபேசியில் எடுத்தவை என்றால், "உங்கள் வைஃபை பிரச்சினை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, விண்டோஸின் Command Prompt சாளரத்தில் முதலில் இதை ஓடவிடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் வருவது உங்கள் ரவுட்டர். இரண்டாம் வரியில் வருவது பெரும்பாலும் லைனுக்கு அப்பால் நிறுவனத்தின் பக்கத்திலுள்ள முதற் கருவி. அது பதில் தராவிட்டால் பதில் தரும் அடுத்த முகவரியை எடுங்கள். பிறகு இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒரே நேரத்தில் இரண்டையும் ஓடவிடுங்கள் (`X.X.X.X` உள்ள இடத்தில் அந்த முகவரியை இடவும்; முதல் வரியில் வந்த முகவரி வேறாக இருந்தால் `192.168.1.1` உள்ள இடத்தில் அதை இடவும்):

```
ping -n 600 192.168.1.1 > veedu.txt
ping -n 600 X.X.X.X > line.txt
```

பிங் என்பது அந்த முகவரிக்குச் சிறு செய்திகளை அனுப்பி, பதில் வர எடுக்கும் நேரத்தை அளப்பது; பதில் வராவிட்டால் அது இழப்பு. ஏறத்தாழப் பத்து நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் வேகச் சோதனை செய்ய வேண்டாம், ஏனென்றால் லைனை நிரப்பினால் நல்ல லைனிலும் தாமதம் ஏறும். அதை பிங் முடிந்த பிறகு தனியாகச் செய்யுங்கள். இரவு எட்டரைக்கு ஒரு தடவை, அதிகாலை ஐந்துக்கு ஒரு தடவை என மூன்று நாட்கள் செய்தால் போதும். வீட்டுக் கோப்பு சுத்தமாகவும் லைன் கோப்பு இழப்புகளோடும் இருந்தால், வைஃபை என்ற பதில் அங்கேயே அடிபட்டுப்போகும்.

கிண்ணியா, உயர்தர மாணவர்: அண்ணா, மாலையில் மட்டும் குறைந்தால் அது நெரிசல், லைன் பழுது என்றால் எந்நேரமும் இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் இவ்வளவும் வீண் வேலைதானே?

பாதி சரி, தம்பி. மாலையில் மட்டும் வரும் வேகக்குறைவு பெரும்பாலும் நெரிசல்தான். ஆனால் செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் நேரம் பார்த்து வரும் பழுதும் உண்டு. மூட்டு ஒன்று உப்புக் காற்றில் அரித்துப்போனால் அந்தக் கம்பிச் சோடியின் சமநிலை கெட்டு, வெளியிரைச்சலை வாங்கத் தொடங்கும். இரவில் அயல் வீடுகளின் மலிவான எல்ஈடி விளக்குகளும் சார்ஜர்களும் இயங்குகின்றன. மத்திய அலை வானொலியும் பகலைவிட இரவில் வெகுதூரம் எட்டுகிறது, அதன் அலைவரிசையும் ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. அதனால் காலை பத்து மணிக்கு மீற்றரை வைப்பவருக்கு எதுவும் அகப்படாது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரவுட்டரின் ஏடிஎஸ்எல் நிலைப் பக்கம்தான். அதில் `SNR Margin` என்பது இரைச்சலைத் தாங்க லைனில் மிஞ்சியிருக்கும் இடைவெளி, `CRC` என்பது கெட்டுப்போய் வந்த தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை. கடற்கரையை அண்டிய ஒரு வீட்டில் நான் எடுத்த அளவுகளைச் சொல்கிறேன். அதிகாலையில் `SNR Margin` 11 dB, பிங் சராசரி 12 மில்லிசெக்கன், இழப்பு இல்லை. இரவு எட்டரைக்கு `SNR Margin` 4 dB, 600 பிங்கில் 23 தொலைந்தன, ஒரு மணித்தியாலத்தில் `CRC` எண்ணிக்கை 40இலிருந்து 3,100க்கு ஏறியது, 7.42க்கு லைன் தானாக அறுந்து, குறைந்த வேகத்தில் மறுபடி இணைந்திருந்தது. நெரிசலாக இருந்தால் பிங் ஏறும், இழப்பும் வரலாம், ஆனால் `SNR Margin` அசையாது, `CRC` இப்படிப் பாயாது. அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர் கம்பத்துப் பெட்டியைத் திறந்தபோது மூட்டு பச்சை பூத்திருந்தது. வெட்டி மறுபடி மூட்டிய அன்றிரவே `SNR Margin` 10 dBஇல் நின்றது.

முறைப்பாட்டுக்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: மற்றத் தொலைபேசிகளைக் கழற்றி, ரவுட்டரை வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் பெட்டியிலேயே பொருத்தி மறுபடி அளந்து பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் பழுது உங்கள் வீட்டு வயரிங்கில்தான். தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தித் தொனியை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் அதையும் முறைப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், குரல் பழுது யாராலும் மறுக்க முடியாதது.

சீனக்குடா, கணினி கடை உரிமையாளர்: எனக்கு tracert-இல் நாலாம் வரி `* * *` என்று வருகிறது. பழுது அங்கேதான் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் தருவதே இல்லை, அல்லது மற்ற வேலைகளை முடித்த பிறகுதான் தரும். ஓர் இடத்தில் தொடங்கும் இழப்பு கடைசி வரி வரை தொடர்ந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. இப்படி ஒரு தவறான சான்று போனால், பின்னால் வரும் சரியான சான்றையும் ஆதரவுப் பிரிவு நம்பாது.

உவர்மலை, இரு பிள்ளைகளின் தாய்: எங்களுடையது சிம் போடும் 4ஜி ரவுட்டர். இந்த `SNR Margin` எங்கே இருக்கிறது?

அம்மா, உங்கள் இணைப்பில் கம்பி இல்லை, ஆகவே இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது. இரவில் மட்டும் குறைந்தால் கோபுரத்தின் சுமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாதாந்த டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். பல பொதிகளில் அது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

நிலாவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்: எங்களுக்கு ஃபைபர். `Rx Power` −19 dBm. ஆனாலும் இரவு எட்டுக்கு பிங் 6இலிருந்து 60 மில்லிசெக்கன் ஆகிறது. இது லைன் பழுதா?

−19 நல்ல அளவு. −27ஐ நெருங்கினால்தான் ஒளி பலவீனம் என்று வாதாடலாம். முதலில், விருந்தினர் யாரும் இணையத்தில் இல்லாதபோது அளந்து பாருங்கள், ஏனென்றால் பலர் காணொளி பார்த்தாலே உங்கள் சொந்த இணைப்பு நிரம்பிவிடும். அப்போதும் 60 என்றால் நெரிசல்தான், ஆனால் அது உங்கள் ஃபைபரைப் பகிரும் அயலவர்களிடையேயா, அதற்கு அப்பாலா என்பதை இந்த அளவை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அயல் வீட்டாரும் அதே இரவில் அதே நேரம் அளந்தால் ஓரளவு தெளியும். லைன் பழுது என்று மட்டும் எழுத வேண்டாம்; ஒளி அளவைப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவார்கள்.

உப்புவெளி ஆசிரியர் மீண்டும்: அளந்துவிட்டேன். `SNR Margin` காலை 10, இரவு 5. கடிதத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள் ஐயா, உங்கள் எண்களை இட்டு, இப்படி:

"முறைப்பாட்டு எண் … தொடர்பாக. கேபிளில், முதற் பெட்டியில் நேரடியாக இணைத்து அளந்தேன். மூன்று இரவுகளிலும் 8.30க்கு SNR Margin 5 dB, அதிகாலை 5க்கு 10 dB. இரவில் லைனில் பிங் இழப்பு …, ரவுட்டருக்கு இழப்பு இல்லை. ஒரு மணித்தியாலத்தில் CRC … கூடியது. கோப்புகளை இணைத்துள்ளேன். இரவு 8க்கும் 9க்கும் இடையில் லைனைத் தொலைவிலிருந்து சோதித்து, அளவுகளைத் தெரிவிக்கவும். பகலில் மட்டும் சோதித்து முறைப்பாட்டை மூட வேண்டாம்."

இந்தக் கடைசி இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள். நிலைப் பக்கத்தின் படத்தைத் திகதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். ரவுட்டரை இடையில் அணைத்துப் போட்டால் `CRC` எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், ஆகவே அனுப்பும்வரை அதைத் தொட வேண்டாம்.