அபிஷேகப் பாலும் காய்ச்சலும்: கர்ப்பிணிகளின் உணவு பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர், காரைக்குடியில் நெடுங்காலம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

தேவகோட்டையிலிருந்து, ஏழாம் மாதக் கர்ப்பிணி: டாக்டரம்மா, ஊர்க் கோயிலில் அபிஷேகம் ஆன பாலைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். மறுக்க மனம் வராமல் அரை டம்ளர் குடித்துவிட்டேன். காய்ச்சாத பால் என்று பிறகுதான் உறைத்தது. ஒன்பது நாளாகிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகாமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம், முதலில் அதை மனத்தில் வையுங்கள் அம்மா. காய்ச்சாத பாலில் பயப்பட வேண்டியது லிஸ்டீரியா என்ற கிருமிக்கு, ஆனால் எல்லாப் பாலிலும் அது இருப்பதில்லை. இருந்தாலும் குடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் ஒன்பது நாள் கழிந்துவிட்டது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மற்ற உணவு நச்சுகள் இரண்டு மூன்று நாளில் வயிற்றைப் பிரட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கிருமி அப்படியல்ல. கர்ப்பிணிகளுக்குச் சில வாரங்கள் கழித்து, சிலருக்கு இரண்டு மாதத்திற்கும் சற்று மேலாகக்கூடத் தலைகாட்டும்.

அது செய்கிற வேலை அப்படி. குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு வெளியே வராமலேயே நகரும். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருள்களின் கண்ணில் படாது. அதைப் பிடிக்க வேண்டிய வேறு வகைக் காவல், வயிற்றில் வளரும் சிசுவை அந்நியமாக எண்ணித் தாக்கிவிடாமல் இருப்பதற்காகவே கர்ப்ப காலத்தில் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் கிருமி நஞ்சுக்கொடியைச் சேர்ந்துவிடுகிறது. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலோடு முடிந்துவிடலாம். உள்ளே இருக்கிற பிள்ளைக்குத்தான் அது கருச்சிதைவாகவோ, குறைமாதப் பிரசவமாகவோ, பிறந்த பிறகு ரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றாகவோ முடிகிறது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு இது வர ஏறத்தாழ பத்து மடங்கு வாய்ப்பு என்கிறார்கள். அதிலும் பெரும்பாலானவை உங்களைப் போல ஏழாம் மாதத்திலும் அதற்குப் பிறகும் வருபவை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் குடித்த தேதியைப் பரிசோதனை அட்டையில் எழுதி வையுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். இந்த இரண்டு மாதத்திற்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது பிள்ளையின் அசைவு குறைந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாதபோது ரத்தப் பரிசோதனையோ மாத்திரையோ தேவையில்லை என்பதே என் கட்சி. முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்கு எடுத்து வந்து பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். கறந்த பால் குடத்தில் வந்து, சிலை மேல் வழிந்து, வெயிலில் அண்டாவில் நின்ற பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது. சாமி கோபிக்க மாட்டார்.

கண்டனூரிலிருந்து, ஐந்தாம் மாதம்: நீங்கள் சொல்வதைப் பார்த்துத் தயிரையும் மோரையும் நிறுத்திவிட்டேன். நெய்யையும் நிறுத்த வேண்டுமா?

பால் ஆகாது என்று நான் எங்கே சொன்னேன்? காய்ச்சாத பால் என்றுதான் சொன்னேன். பால்காரர் ஊற்றும் பாலை ஒருமுறை பொங்கக் காய்ச்சிவிட்டால் லிஸ்டீரியா செத்துவிடும். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி நின்றாலே போதும் என்றுதான் ஆலைகளில் பதப்படுத்துகிறார்கள். ஆவின் பாக்கெட் பால் அப்படிப் பதப்படுத்தி வருவது. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிர், அதைக் கடைந்த மோர், அந்த வெண்ணெயை உருக்கிய நெய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். இன்றைக்கே தயிர்ச் சோற்றுக்குத் திரும்புங்கள், சுண்ணாம்புச் சத்து வேண்டாமா? சீம்பாலை மட்டும் நடுவில் கொழகொழவென்று நிற்காமல் முழுக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

புதுவயலிலிருந்து ஒரு பெண்: என் நாத்தனாருக்கு எட்டாம் மாதத்தில் காய்ச்சல், இடுப்பு வலி, உடல்வலி. வயிற்றுப்போக்குக் கூட இல்லை. ஃபுளூ என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை அசைவு குறைந்து, குறைமாதத்தில் பிறந்தது. பிள்ளையின் ரத்தத்தில் லிஸ்டீரியா என்றார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா?

முடிந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஃபுளூவுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் அப்படியே பொருந்தும். வயிற்றுப்போக்கு இல்லாததால் சாப்பாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் போயிருக்காது.

அந்த முதல் நாளில் உதவக்கூடியது ரத்த வளர்ப்புப் பரிசோதனை ஒன்றுதான். மலப் பரிசோதனை இதற்குப் பயன்படாது. நோய் இல்லாதவர் குடலிலும் இந்தக் கிருமி வந்து போகும். ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் வளர விட்டால் ஓரிரு நாளில் தெரியும். அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. நுண்ணோக்கியில் பார்க்க இது குட்டைக் குச்சி போல இருப்பதால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து கலந்த சாதாரணக் கிருமி என்று ஆய்வகத்தில் தள்ளிவிடுவது உண்டு. கர்ப்பிணியின் ரத்தம் என்று சீட்டில் எழுதியிருந்தால் கவனமாகப் பார்ப்பார்கள்.

சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும் வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு ஆம்பிசிலினை நரம்பில் ஏற்றத் தொடங்குவார்கள். வழக்கமாக இரண்டு வாரமாவது தொடர வேண்டும். நேரத்தில் கொடுத்தால் மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேரும், கர்ப்பத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மாற்று மருந்து இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து, மருந்துக் கடை வைத்திருப்பவர்: நாங்கள் கர்ப்பிணிகளின் காய்ச்சலுக்கு செஃபிக்சிம் கொடுக்கிறோம். கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்துதானே? அதிலேயே இதுவும் போய்விடாதா?

பாதுகாப்பான மருந்து என்பது சரி தம்பி. ஆனால் லிஸ்டீரியாவிடம் அந்தக் குடும்பத்து மருந்துகள் எதுவும் பலிக்காது, ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் உட்பட. காய்ச்சல் தானாகச் சற்று இறங்கும், மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். நடுவில் ரத்தம் எடுத்தாலும் குழப்பம்தான். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்று யார் வந்தாலும் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரையும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அன்றைய வியாபாரம் கொஞ்சம் குறையட்டும்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: நான் நாலு பிள்ளை பெற்றவள். மாதா மாதம் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெய் விட்டுக் குடித்தேன். பண்ணை முட்டைதான் ஆகாது, வீட்டுக் கோழிக்கு என்ன கிருமி? பேத்தி வேண்டாம் என்கிறாள்.

ஆச்சி, பாதி சரி. அன்றைக்கு இட்ட முட்டை, கழுவாத ஓடு, இதெல்லாம் பல நாள் லாரியில் வந்த முட்டையைவிட நல்லதுதான். ஆனால் முட்டையில் வருகிற சால்மொனெல்லா ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. கோழியின் கருவகத்திலேயே இருந்தால் ஓடு கட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விடும். அது நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பார்க்காது, கோழியும் நோயாகத் தெரியாது.

இது லிஸ்டீரியா போலச் சிசுவைத் தேடிப் போகும் கிருமி அல்ல, அப்படிப் போவது அபூர்வம். தாயைக் கடும் காய்ச்சலிலும் வாந்தி பேதியிலும் தள்ளி, உடம்பின் நீரை வற்றவைக்கும். எட்டாம் மாதத்தில் அது போதாதா? பச்சை முட்டையில்தான் சத்து என்பதும் சரியில்லை. வெந்த முட்டையின் புரதத்தைத்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்கிறது. கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கரு கெட்டியானதும் கொடுங்கள். நல்லெண்ணெயை மேலே விட்டுக்கொள்ளட்டும். ஆஃபாயில், கலக்கி இரண்டும் பிரசவம் ஆகும் வரை வேண்டாம். ஷவர்மாவோடு வரும் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது, பேத்தியிடம் அதையும் சொல்லிவையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, கோனாபட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர்: மனைவிக்கு மூன்றாம் மாதம். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் பச்சை மீன் கலந்த யூஷெங் வைப்பார்கள். உறையவைத்த மீன்தானே, கிருமி செத்திருக்குமே?

உறையவைத்தால் மீனில் இருக்கும் புழுக்கள் சாகும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் போதும் என்பது அதற்கான கணக்கு. லிஸ்டீரியா சாகாது, உருகியதும் விழித்துக்கொள்ளும். வேகாமல் புகைபோட்ட சால்மனும் இதே கணக்கில்தான் வரும். உங்கள் ஊரிலேயே 2015இல் பச்சை மீன் சாப்பிட்டவர்களுக்கு வேறொரு கிருமி, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ரத்தத்தில் பரவியது. அதன் பிறகு நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதை அரசு தடை செய்தது. கடல் மீனுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் தட்டில் வரத்தான் செய்யும். மனைவி மற்றவர்களோடு சேர்ந்து உயரத் தூக்கிக் கலக்கட்டும், தனக்கு மீன் சேராத தட்டாக எடுத்துக்கொள்ளட்டும். மீன்குழம்பு வைத்தால் சதை வெள்ளையாகி முள்ளை விட்டு உதிர்ந்தால் வெந்துவிட்டது.

தேவகோட்டையிலிருந்து, முதல் கேள்வி கேட்டவர்: டாக்டரம்மா, இன்னொன்று. வளைகாப்புக்குச் செய்யும் சித்திரான்னங்களும் மிச்சக் குழம்பும் நான்கைந்து நாள் ஃபிரிட்ஜில் இருக்கும். குளிரில் கிருமி வளராதுதானே?

மற்றவை பெரும்பாலும் வளராது, லிஸ்டீரியா வளரும். 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டேயிருக்கும், அதுதான் இதன் தனிக் குணம். 1985இல் லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ பாணி மென்பாலாடைக்கட்டி சாப்பிட்டு நோயுற்றவர்களில் பாதிக்கு மேல் கர்ப்பிணிகளும் சிசுக்களும்தான். ஆலையில் பச்சைப் பால் கலந்திருக்கலாம் என்று அப்போது சந்தேகித்தார்கள்.

குழம்பைப் பற்றிக் கவலை இல்லை, குமிழி விட்டுக் கொதிக்கவைத்தால் கிருமி போய்விடும். சூடாக்காமல் அப்படியே எடுத்துச் சாப்பிடும் பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். நறுக்கிய பழம், தேங்காய்ச் சட்னி, கடைப் பன்னீர், சாலட். இவற்றை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், பன்னீரை வதக்காமல் தொடாதீர்கள். புளியோதரையையும் எலுமிச்சைச் சோற்றையும் ஐந்து நாள் வைப்பதில் லிஸ்டீரியாவைவிட வேறு கிருமிக்குத்தான் பயப்படுகிறேன். ஆறிய சோறு வெளியே கிடந்தால் அதில் உண்டாகும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்திற்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். மிச்சத்தை வந்தவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்தானே.