‘அதற்குள்’ என்ற ஒரு சொல்லை வெட்டியபோது நடந்தது

கேள்வி: 2000 சொல் கட்டுரை ஒன்றை 700 சொல்லுக்குச் சுருக்கிக் கொடுத்தேன். “வாதம் மாறிவிட்டது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானாக எதையும் சேர்க்கவில்லை, எல்லா வாக்கியமும் மூலத்தில் இருப்பதுதான். எங்கே தவறியிருப்பேன்? இதை எப்படிச் சரிபார்ப்பது?

மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வாக்கியம் எல்லாம் சரியாக இருந்தும் வாதம் மாறிப்போக முடியும் என்பது எனக்கு ஒரு கட்டுரையில்தான் புரிந்தது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் நடந்தது அநேகமாக அதுதான்.

நான் ஒரு சிறிய மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் காலரா பற்றி 2400 சொல்லில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எப்படி நிறுவினார் என்பது விஷயம். எங்களுக்கு இருந்த இடம் 800 சொல்.

ஒன்பது பத்தி. முதல் பத்தியில் கூற்று: காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது, அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பியதுபோல் கெட்ட காற்றால் அல்ல. இரண்டாவது, அந்த நாளைய லண்டன் பற்றிய வர்ணனை. மூன்றாவதிலிருந்து சான்றுகள். நோய் வெடித்த முதல் மூன்று நாளில் பதிவான 83 சாவுகளை ஸ்னோ ஒவ்வொன்றாக விசாரித்தார். பத்துப் பேர் மட்டும் வேறொரு பம்புக்கு அருகில் வாழ்ந்தவர்கள். ‘அப்படியானால் இந்தப் பத்துப் பேர் எப்படி இறந்தார்கள்?’ என்று படிப்பவர் கேட்பார் இல்லையா, அதற்குப் பதில் நான்காவது பத்தி: அவர்களில் ஐந்து பேரின் வீட்டார் தண்ணீருக்கு எப்போதும் பிராட் ஸ்ட்ரீட் பம்புக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்; இன்னும் மூன்று பேர் அந்தப் பம்புக்கு அருகில் இருந்த பள்ளியில் படித்த குழந்தைகள். ஐந்தாவது, மிச்சமிருந்த 73 பேரின் கணக்கு. 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள், ஆறு பேர் குடிக்கவில்லை என்று தகவல், ஆறு பேரைப் பற்றித் தகவலே கிடைக்கவில்லை.

ஆறாவது பத்தியில், அருகில் இருந்தும் தப்பியவர்கள். பக்கத்திலேயே இருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் இருந்தார்கள், இறந்தது ஐந்து பேர்தான். அங்கே சொந்தக் கிணறு உண்டு. அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகளில் யாருக்கும் கடுமையான காலரா வரவில்லை; அவர்கள் அந்தப் பம்பின் பக்கமே போவதில்லை. ஏழாவதில், தூரத்தில் இருந்தும் இறந்தவர். ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை. அவர் பல மாதங்களாக பிராட் ஸ்ட்ரீட் பக்கமே வந்ததில்லை, ஆனால் அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். எட்டாவதில், செப்டம்பர் 8 அன்று பம்பின் பிடியைக் கழற்றிய சம்பவம். ஒன்பதாவது, முடிவு.

நான் செய்ததைச் சொல்கிறேன். விதவையின் கதை உருக்கமாக இருந்ததால் அதைத் தூக்கி முதலில் வைத்தேன். இரண்டாவது பத்தியில் லண்டனின் நாற்றம் அழகாக எழுதப்பட்டிருந்தது, அதைப் பெரும்பாலும் விட்டுவைத்தேன். பத்துப் பேரையும், குடிக்காத ஆறு பேரையும், ஏழைகள் இல்லத்தையும் பீர் ஆலையையும் எடுத்துவிட்டேன். ‘இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள்’ என்ற ஒரு வரி போதும் என்று நினைத்தேன். எட்டாவது பத்தியில் மருத்துவர் எழுதியிருந்தது: ‘பம்பின் பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது.’ நான் அதை ‘பம்பின் பிடி கழற்றப்பட்டது. நோய் தணியத் தொடங்கியது’ என்று ஆக்கினேன். அடுத்த வரி ‘எனவே, தண்ணீர்தான் காரணம்.’

இதழ் வந்த மறுநாள் மருத்துவர் போன் செய்தார். கோபப்படவில்லை. “ஏம்மா, எட்டாவது பத்தியில ‘அதற்குள்’னு ஒரு சொல் இருந்துச்சே, அது எங்க போச்சு?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அந்தச் சொல் போனதால் என்ன ஆயிற்று என்று அவரே விளக்கினார். பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று ஸ்னோ சொல்லவே இல்லை. மக்கள் ஊரைவிட்டு ஓடியதில் அதற்கு முன்பே சாவு குறைந்திருந்தது, அந்தச் சமயம் பம்பின் கிணற்றில் காலராவின் விஷம் இன்னும் இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது என்று 1855இல் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய ‘எனவே’ 83 பேரின் கணக்கின் மேலும், தப்பியவர்கள் மேலும், ஹாம்ப்ஸ்டெட் விதவையின் மேலும் நிற்கிறது. என் சுருக்கத்தில் அது பிடியின் மேல் நின்றது. ஸ்னோ சான்றாக ஏற்காத ஒன்றை நான் அவருடைய முக்கியச் சான்றாக மாற்றியிருந்தேன்.

விதவையின் இடமாற்றத்திலும் இதே கோளாறுதான். ஆறாவது பத்தியும் ஏழாவது பத்தியும் ஒரு ஜோடி: அருகில் இருந்தும் அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் தப்பினார்கள், தூரத்தில் இருந்தும் குடித்தவர் இறந்தார். கெட்ட காற்று என்ற விளக்கத்தால் இந்த இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியாது. ஜோடியைப் பிரித்து, கூற்று என்னவென்றே தெரியாத வாசகர் முன்னால் முதலிலேயே வைத்ததும் அது சான்றாக இல்லாமல் வெறும் சோகக் கதையாகிவிட்டது.

அன்றிலிருந்து நான் இப்படித்தான் பார்க்கிறேன். மூலத்தின் பத்திகளுக்கு எண் போட்டு, ஒரு தாளில் பத்திக்கு ஒரு வரி எழுதுவேன். பத்தி என்ன சொல்கிறது என்பதை அல்ல, என்ன வேலை செய்கிறது என்பதை. கூற்றா, சான்றா, எழக்கூடிய கேள்விக்குப் பதிலா, ‘இதற்கு மேல் சொல்ல முடியாது’ என்ற வரம்பா, முடிவா. சான்று என்றால் எந்தப் பத்தியைத் தாங்குகிறது என்று பக்கத்தில் எண். மருத்துவரின் கட்டுரைக்கு அந்தத் தாளில் ‘4: கேள்விக்குப் பதில், 3ஐத் தாங்குகிறது’, ‘8: வரம்பு, முடிவு இதன் மேல் நிற்கவில்லை’, ‘9: முடிவு, 3 முதல் 7 வரை’ என்று வரும்.

பிறகு சுருக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு தாள். இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: மூலத்தைப் பார்க்கக் கூடாது, முடிந்தால் அடுத்த நாள் செய்ய வேண்டும். மூலம் மனதில் இருந்தால் தாளில் இல்லாத இணைப்பையும் நாமே நிரப்பிப் படித்துவிடுவோம், வாசகருக்கு அந்த வசதி கிடையாது. சுருக்கத்தில் வரும் ஒவ்வொரு ‘எனவே’, ‘ஆகவே’, ‘இதனால்’ மேலும் விரலை வைத்து, அதற்கு மேலே உள்ளதை மட்டும் படித்து, இது எதன் மேல் நிற்கிறது என்று எண் போடுங்கள். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் சுருக்கத்துக்கு அப்படிச் செய்து பார்த்தபோது முடிவுக்கு நேராக, பிடியைக் கழற்றிய பத்தியின் எண் ஒன்றுதான் இருந்தது. ‘வரம்பு’ என்று ஒரு வரிகூட இல்லை. முதல் பத்திக்கு எதைத் தாங்குகிறது என்று எழுத எண்ணே கிடைக்கவில்லை.

‘மூலத்தின் வரிசையை அப்படியே வைத்தால் அது எப்படிச் சுருக்கம் ஆகும்’ என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். வரிசையே மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறையும் ஏழையும் இடம் மாற்றினால் ஒன்றும் கெடாது. மூன்றையும் நான்கையும் மாற்றினால், கேள்வி எழும் முன்பே பதில் வந்து நிற்கும். முடிவை முதலில் வைக்கலாம், செய்தியில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அப்போது ‘எனவே’ போய் ‘காரணம் என்னவென்றால்’ வர வேண்டும். பழைய இணைப்புச் சொல் அப்படியே தங்கிவிட்டால் அது பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, மூலத்திலேயே வரிசை குழம்பியிருந்தால் இந்த முறை அதையும் காட்டிவிடும். அதை நீங்களாகச் சரிசெய்யாதீர்கள், எழுதியவரைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்றும் கேட்பார்கள். 2000 சொல்லுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உதவி ஆசிரியர் வேலை என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பது என்றுதான் பல இடங்களில் இன்றும் நினைக்கிறார்கள். நான் இருந்த இடத்தில் பக்கக் கணக்குக்குத்தான் சம்பளம், இந்த முக்கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் வந்தால் லேஅவுட் செய்பவர் யாரையும் கேட்காமல் கட்டுரையின் கடைசிப் பத்தியை எடுத்துவிடுவார், அங்கேதான் முடிவு இருக்கிறது என்று சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. எழுத்தாளர் போன் செய்வது என்னவோ உதவி ஆசிரியருக்குத்தான். நான் அந்த வேலையை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, அது உங்கள் கேள்வி அல்ல.

மருத்துவரின் கட்டுரையைத் திரும்பவும் சுருக்கினேன். இந்த முறை வெட்டியது லண்டன் வர்ணனையை. அந்த இடத்தில் பத்துப் பேரும், குடிக்காத ஆறு பேரும், ஏழைகள் இல்லமும், பீர் ஆலையும் ஒவ்வொரு வரியில் வந்துவிட்டார்கள், விதவை அவர்களுக்கு அடுத்த இடத்துக்குத் திரும்பினார். மொத்தம் 800 சொல்லைத் தாண்டவில்லை. அடுத்த இதழில் திருத்தக் குறிப்போடு வந்த அந்த எட்டாவது பத்தி இது: ‘செப்டம்பர் 8 அன்று பம்பின் பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் பலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. பிடியைக் கழற்றியதால் பலன் இருந்ததா என்று ஸ்னோவால் சொல்ல முடியவில்லை. அவருடைய முடிவுக்கு ஆதாரம் மேலே சொன்ன கணக்குகள்தான்.’