கறுத்த ஆப்பிள் கெட்டுப்போன ஆப்பிள் இல்லை

கேள்வி: ஆப்பிள், கத்திரிக்காய் நறுக்கி வைத்தால் ஏன் கறுக்கிறது? எலுமிச்சைச் சாறு, ஃபிரிட்ஜ் எல்லாம் நிஜமாகவே உதவுமா? கறுத்தால் கெட்டது என்கிறார் என் மாமியார்.

உங்கள் வீட்டிலும் யாரோ அந்த ஆப்பிளைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் மகள் யுகேஜி படித்தபோது, நான் காலை ஏழரைக்கு நறுக்கிக் கொடுத்த ஆப்பிளைப் பத்தரை மணிக்கு அவள் டீச்சர் "அழுகல்" என்று கொட்டிவிட்டார். டைரியில் "நல்ல பழமாகக் கொடுத்தனுப்பவும்" என்று ஒரு குறிப்பு வேறு. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆப்பிளை நான்கு துண்டாக்கினேன். ஒன்றைத் தட்டில் அப்படியே வைத்தேன். ஒன்றை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றை, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து எடுத்தேன். கடைசித் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வெந்ததும் எடுத்தேன். தட்டில் இருந்தது அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. ஃபிரிட்ஜில் இருந்தது மதியம்வரை லேசான மஞ்சளோடு நின்றது. ஆனால் வெளியே எடுத்து வைத்ததும் அதுவும் கறுக்கத் தொடங்கியது. எலுமிச்சை பட்டது மதியம்வரை வெள்ளை. மாலையில் ஓரம் மட்டும் நிறம் மாறியது. வெந்த துண்டு குழைந்துபோனாலும் கறுக்கவே இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுவது அந்த வெந்த துண்டுதான். பழத்தின் செல்லுக்குள் ஃபீனால் என்ற பொருள்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு நொதி அந்த ஃபீனால்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பு நிறமாகின்றன. கொதிநீர் நொதியையே அழித்துவிடுவதால் அந்தத் துண்டு கறுக்கவில்லை. குளிர் அதை அழிப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது.

எலுமிச்சை இரண்டு வேலை செய்கிறது. அதன் புளிப்பில் நொதி முடங்குகிறது. pH 3-க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய வேலையே செய்யாது. அப்புறம், சாற்றில் உள்ள வைட்டமின் சி, உண்டாகும் குயினோனை மறுபடி ஃபீனாலாகத் திருப்பிவிடுகிறது. அந்த வைட்டமின் தீர்ந்ததும் நிறம் ஏறும். மாலையில் ஓரம் மாறியது அதனால்தான்.

"இரும்புச்சத்து துருப்பிடிக்கிறது" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: ஆப்பிளில் இரும்பு மிகமிகக் குறைவு, அந்த நொதியில் இருப்பதும் இரும்பு இல்லை, தாமிரம். "மெழுகு தடவிய ஆப்பிள் கறுக்காது" என்பவர்களுக்கு: மெழுகு தோலில்தான் இருக்கிறது, வெட்டிய முகத்தில் இல்லை. மெதுவாகக் கறுக்கும் ரகங்களில் ஃபீனாலோ நொதியோ குறைவாக இருக்கும். உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. பிசுபிசுப்பு, புளித்த வாடை, பூஞ்சை இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. பழுப்பு நிறம் மட்டும் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

கத்திரிக்காயிலும் இதே கதைதான். எலுமிச்சை விட்டால் குழம்பின் ருசி மாறும் என்பதால் நான் உப்புத் தண்ணீரில்தான் போடுகிறேன். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது, உப்பும் நொதியைக் கொஞ்சம் அடக்குகிறது. ஆனால் கத்திரிக்காய் மிதக்கும். தண்ணீருக்கு மேலே நிற்கும் பக்கம் மட்டும் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள்.

முழுக் கத்திரிக்காய்க்கு மட்டும் குளிர் எதிரி. சுமார் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் செல்லுக்குள் இருக்கும் அந்த அறைச் சுவர்கள் தாமாகவே சிதைந்து, வெட்டாமலே உள்ளே சதையும் விதையும் பழுப்பாகிவிடும். இது தெரியாமல், ஆறு நாள் ஃபிரிட்ஜில் வைத்த காய்க்காக ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் "சொத்தையைத் தலையில் கட்டிவிட்டீர்கள்" என்று சண்டை போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கால் கிலோ சும்மா கொடுத்தார். பிறகு அவரிடம் காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பள்ளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகள் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கை கழுவி வர மொத்தம் பதினைந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். கறுக்காத ஆப்பிளும் பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.