ரசீது இருக்கிறது, பாஸ்புக்கில் பணம் இல்லை: சங்க மேனேஜருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: அம்மா எங்க ஏரியா கூட்டுறவு சங்கத்துல மாசாமாசம் பணமா கட்டுறாங்க. ரசீது எல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா சில மாசம் கட்டினது பாஸ்புக்ல ஏறவே இல்ல. கேட்டா "அடுத்த தடவை எழுதித் தர்றோம்"ங்கிறாங்க. மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பணும். எப்படி எழுதுறது?

பதில்:

எழுதுவதற்கு முன் பாஸ்புக்கில் கடைசிப் பத்தியை, அதாவது இருப்பை மட்டும் பாருங்கள். விடுபட்ட மாதத்துக்கு முந்தைய இருப்பு என்ன, அதற்கடுத்த வரியில் இருப்பு என்ன? நடுவில் கட்டிய தொகையும் சேர்ந்து இருப்பு கூடியிருந்தால், சங்கம் ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கையும் எழுதி வைக்கும் பேரேட்டில் பணம் ஏறிவிட்டது, பாஸ்புக்கில் வரி எழுத மட்டும் விட்டுவிட்டார்கள் என்று பொருள். அது அஞ்சு நிமிட வேலை. இருப்பும் கூடவில்லை என்றால் அம்மா கணக்கின் பேரேட்டிலும் அந்தப் பணம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது "அடுத்த தடவை" என்ற பதிலை ஏற்கக் கூடாது.

நான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சங்கத்தில் கணக்கு எழுதியவள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இதே பிரச்சினை வந்தது, வேறொரு சங்கத்தில். 2024 ஜனவரியில் அவர் பாஸ்புக் இருப்பு 18,400 ரூபாய். அடுத்த வரி மே மாதம்: 2,000 வரவு, இருப்பு 20,400. இடையில் மூன்று மாதம் கட்டிய 7,000 ரூபாய் எங்கும் இல்லை. அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"மேலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் சங்கத்தின் உறுப்பினர், சேமிப்புக் கணக்கு எண் 1247. என் பாஸ்புக்கில் 08-01-2024 அன்று இருப்பு ரூ.18,400. அடுத்த பதிவு 06-05-2024, வரவு ரூ.2,000, இருப்பு ரூ.20,400. இடையில் நான் ரொக்கமாகச் செலுத்திய கீழ்க்கண்ட தொகைகள் பதிவாகவில்லை:
05-02-2024, ரசீது புத்தகம் 112, எண் 11163, ரூ.2,000, அலுவலகத்தில் செலுத்தியது.
05-03-2024, ரசீது புத்தகம் 113, எண் 11248, ரூ.3,000, அலுவலகத்தில் செலுத்தியது.
02-04-2024, ரசீது புத்தகம் 97, எண் 9671, ரூ.2,000, கடைக்கு வந்த வசூல் பணியாளரிடம் செலுத்தியது.
மொத்தம் ரூ.7,000. இந்த ரசீதுகளின் அடிக்கட்டைகளை அந்தந்தத் தேதியின் ரொக்கப் புத்தகத்தோடும் என் பேரேட்டோடும் ஒப்பிட்டு, தொகைகளைக் கட்டிய தேதியிலிருந்தே வரவு வைத்து, பேரேட்டு நகலும் எழுத்துமூலப் பதிலும் தரக் கேட்டுக்கொள்கிறேன். ரசீதுகளின் படங்களை இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் உள்ளன, நேரில் காட்டுகிறேன்."

இவ்வளவுதான். "கையாடல்", "ஏமாற்று" போன்ற சொற்களை வேண்டுமென்றே விட்டேன். யார் எங்கே விட்டார்கள் என்று நமக்கு இன்னும் தெரியாது. அந்தச் சொல்லை எழுதினால் மேனேஜர் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

ரசீது எண்ணோடு புத்தக எண்ணையும் தேதியையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், சங்கத்தில் பணம் போகும் வழியே அப்படித்தான். ரசீது கிழித்ததும் அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கும். அன்று சாயங்காலம் அது எண் வாரியாக ரொக்கப் புத்தகத்தில் ஏறும். அங்கிருந்து உங்கள் பேரேட்டுக்கு, அதிலிருந்து பாஸ்புக்குக்கு. எண்ணும் தேதியும் கையில் இருந்தால் பணம் எந்த இடத்தில் நின்றது என்று யாரும் கண்டுபிடிக்கலாம். ரொக்கப் புத்தகத்தில் இருந்து பேரேட்டில் இல்லை என்றால் பெரும்பாலும் வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும். ரொக்கப் புத்தகத்திலேயே இல்லை என்றால் பணம் பெட்டிக்கே வரவில்லை. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது.

அக்காவின் மூன்று ரசீதையும் தேதி வரிசையில் அடுக்கியபோதே எனக்கு மூன்றாவது உறுத்தியது. அந்தச் சங்கத்தில் ஒரு புத்தகத்துக்கு நூறு ரசீது. பிப்ரவரியில் 112, மார்ச்சில் 113, ஏப்ரலில் மட்டும் 97. எண் பின்னால் போகிறது. வசூல் ஆட்களுக்குத் தனிப் புத்தகம் கொடுக்கும் வழக்கம் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் புத்தகம் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து கணக்கில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். நீங்களும் ரசீதுகளை இப்படி அடுக்கிப் பாருங்கள். எண் தாவினாலோ, தேதியோ தொகையோ அடித்து எழுதியிருந்தாலோ, அதைக் குற்றமாகச் சொல்லாமல் இருக்கிறபடியே மெசேஜில் எழுதுங்கள். பார்க்கிறவருக்குப் புரியும்.

பதில் வந்தது. முதல் இரண்டு தொகையும் 1274 என்ற கணக்கில் ஏறியிருந்தன, இலக்கம் மாறிய பிழை. மூன்றாவதன் அடிக்கட்டைப் புத்தகம் அலுவலகத்திலேயே இல்லை. வசூல் பணியாளரிடமிருந்து அதை வாங்கி, பணத்தையும் கட்ட வைத்த பிறகுதான் வரவு வைத்தார்கள். மெசேஜில் தேதி கேட்டிருந்ததால் வட்டி குறையவில்லை. நேரில் போய்ச் சத்தம் போட்டிருந்தால் கவுன்ட்டரிலேயே இன்றைய தேதி போட்டு 7,000 எழுதிக் கொடுத்திருப்பார்கள், அக்காவும் நிம்மதியாக வந்திருப்பார். அந்த மாதங்களின் வட்டி போயிருக்கும், 97-ஆம் புத்தகம் வெளியேதான் கிடந்திருக்கும். அதனால் உங்கள் அம்மாவிடம் யாராவது "பாஸ்புக்கைக் கொடுங்க, இப்பவே எழுதித் தர்றேன்" என்றால், முதலில் பேரேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அசல் ரசீதை யாரிடமும் விடாதீர்கள். "சரிபார்த்துத் தருகிறோம்" என்று வாங்கிக்கொண்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கார்பன் எழுத்து மங்கிவிடும், அதனால் இன்றே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், முத்திரையும் கையெழுத்தும் தெரிய வேண்டும். பாஸ்புக்கை விட்டுவரச் சொன்னால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்த பிறகு, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிற்க வேண்டாம். அதையே தாளில் இரண்டு பிரதி எடுத்து அம்மாவின் கையெழுத்தோடு சங்கத்தில் கொடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அந்த ரசீதை வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லை என்றால், உங்கள் சங்கம் எந்தச் சரகத்தில் வருகிறதோ அந்தக் கூட்டுறவுத் துணைப்பதிவாளருக்கு அதே கடிதத்தின் நகலோடு எழுதுங்கள். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-ஆம் பிரிவில் சங்கத்தின் மீது விசாரணை வைக்க வழி இருக்கிறது. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் உள்ள தகராறுக்கு 90-ஆம் பிரிவு. அங்கே "கையாடல்" என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். மேனேஜரின் பதிலிலேயே பணம் ரொக்கப் புத்தகத்தில் இல்லை என்று வந்திருந்தால் அந்தப் பதிலை இணைத்து, "பணம் சங்கத்தின் கணக்கில் சேரவில்லை" என்று எழுதினால் போதும். சொல் எதுவானாலும் அவர்கள் பார்க்கப் போவது அந்த எண்களைத்தான்.