கலீஃபா மஅமூனின் விசாரணையில் என்ன கேட்டார்கள்?

குர்ஆன் படைக்கப்பட்டதா இல்லையா என்று கலீஃபாவே ஆலிம்களைப் பிடித்து விசாரித்தார் என்கிறார்களே, உண்மையா? அப்படி என்னதான் கேட்டார்கள்?

உண்மைதான், மிஹ்னா என்று சொல்வார்கள். 833-இல், பைசாந்தியப் போருக்காக வெளியே இருந்த அப்பாஸிய கலீஃபா மஅமூன், பக்தாத் பொறுப்பாளர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் அனுப்பினார்: காழிகளைக் கூப்பிட்டு விசாரி, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளாதவரின் சாட்சியம் செல்லாது. அவர் வாதம் இதுதான்: "நாம் இதை அரபிக் குர்ஆனாக ஆக்கினோம்" என்று அந்த வேதமே (43:3) சொல்கிறது, ஆக்கப்பட்டது என்றால் படைக்கப்பட்டது. அதை அனாதியானது என்றால், ஈஸாவைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வது போல அல்லாஹ்வோடு இன்னொன்றையும் அனாதியாக்கிவிடுகிறோம். பகுத்தறிவு வாதத்துக்கு முதலிடம் தந்த இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்களின் கருத்தும் இதுவே.

விசாரணை எப்படி நடந்தது என்பதற்கு, காழியாக இருந்த பிஷ்ர் இப்னு வலீதிடம் இஸ்ஹாக் கேட்டதைப் பாருங்கள், வரலாற்றாசிரியர் தபரீ இதைப் பதிந்து வைத்திருக்கிறார். குர்ஆனைப் பற்றி என்ன சொல்கிறீர்? "அல்லாஹ்வின் பேச்சு." அதைக் கேட்கவில்லை, படைக்கப்பட்டதா? "அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன்." குர்ஆன் ஒரு பொருள் இல்லையா? "பொருள்தான்." அப்போது படைக்கப்பட்டதா? "அது படைப்பவன் அல்ல."

பிஷ்ர் மழுப்பினார் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. "படைக்கப்பட்டது" என்று குர்ஆனிலும் இல்லை, நபிமொழியிலும் இல்லை, அதனால் அதை வாயால் சொல்ல அவர் தயாராக இல்லை. எல்லாப் பொருளும் படைப்பு, குர்ஆனும் ஒரு பொருள் என்று இரண்டையும் ஒப்புக்கொண்டபின் முடிவு தானாக விழும், அந்த இடத்தில்தான் விலகிக்கொண்டார். விசாரிக்கப்பட்ட இன்னொரு ஆலிமான அஹ்மத் இப்னு ஹன்பலோ "அல்லாஹ்வின் பேச்சு, இதற்கு மேல் சொல்லமாட்டேன்" என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

மஅமூனின் அடுத்த கடிதம் மரண மிரட்டலோடு வந்ததும் நாலு பேரைத் தவிர எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், பிஷ்ர் உட்பட. அந்த நாலு பேருக்கு விலங்கு பூட்டியதும் இருவர் இறங்கிவந்தார்கள். மிச்சம் அஹ்மதும் முஹம்மத் இப்னு நூஹும். அவர்களைக் கொண்டுபோகும் வழியிலேயே மஅமூன் இறந்த செய்தி வந்தது, திரும்பும்போது இப்னு நூஹும் இறந்துபோனார். அடுத்த கலீஃபா முஃதஸிமின் முன்னால் அஹ்மதுக்குச் சவுக்கடி விழுந்தது. அங்கேயும் அவர் கேட்டது ஒன்றே: அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ தூதரின் சுன்னாவிலிருந்தோ ஆதாரம் காட்டுங்கள்.

என்னைப் பொறுத்தவரை, வாதத்தில் யார் சரி என்பதைவிட, நம்பிக்கையின் வாசகத்தை அரசு வகுக்கலாமா என்பதுதான் இங்கே விஷயம். முஃதஸிமுக்கு அடுத்த கலீஃபா வாஸிக் காலத்தில், 845-இல், பைசாந்தியர்களோடு கைதிகளை மாற்றிக்கொண்டபோதுகூட இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். படைக்கப்பட்டது என்று சொல்லாத முஸ்லிம் கைதியை மீட்காமல் அங்கேயே விட்டுவிட உத்தரவு. 847-இல் பதவிக்கு வந்த முதவக்கில்தான் அப்புறம் இதை நிறுத்தினார்.