17 கிலோமீட்டர் வரைக்கும் குளிர், அதுக்கு மேல ஏன் சூடு? வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் பத்திதான், அதாவது 17 கிலோமீட்டருக்கு மேல, ஏற ஏறச் சூடாகற காத்து அடுக்கு, அதனால அதுக்கே அதிக இடம் குடுத்திருக்கேன்.

மலை மேல ஏறினா சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டப் போறோம்தானே, அப்புறம் ஏன் குளிருது?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, ரெண்டு கிலோமீட்டர் கிட்டப் போறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. விஷயம் என்னன்னா நம்மளச் சுத்தி இருக்கற காத்து வெயிலை நேரா வாங்கிக்கறது ரொம்பக் கம்மி, பெரும்பகுதி வெயில் காத்தைத் தாண்டி வந்து தரையத்தான் சூடாக்குது, அந்தத் தரைதான் கீழ இருந்து காத்தைக் காய்ச்சுது. சூடான காத்து மேல ஏறும்போது அழுத்தம் குறையறதால விரியும், விரியறதுக்குத் தன்னோட சூட்டையே செலவு பண்ணும், அதனால குளிர்ந்துடும். சராசரியா கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். வத்தலக்குண்டுல 35 டிகிரி இருக்கறப்போ அதுக்கு மேல சுமார் 1.8 கிலோமீட்டர் உயரத்துல இருக்கற கொடைக்கானல்ல 23 கிட்ட இருக்கறது இந்தக் கணக்குதான்.

இதை மனசுல வெச்சுக்கோங்க: அடுப்பு எங்க இருக்கோ அதுக்குக் கிட்டதான் சூடு. நாம இருக்கற கீழ் அடுக்கான ட்ரோபோஸ்ஃபியருக்கு அடுப்பு கீழ, தரை. வளிமண்டலத்துல இன்னும் ரெண்டு அடுப்பு இருக்கு, அடுக்குகள் மாறி மாறி வர்றதுக்குக் காரணமே அதுதான்.

சென்னை வானிலை பலூன் டேட்டாவப் பாத்தேன், 17 கிலோமீட்டர் கிட்ட மைனஸ் 80 காட்டிட்டு அப்புறம் ஏற ஆரம்பிக்குது. சென்சார் கோளாறா?

கோளாறு இல்லங்க, நீங்க பாத்தது ட்ரோபோபாஸ், ட்ரோபோஸ்ஃபியர் முடிஞ்சு ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் ஆரம்பிக்கற எல்லை. இதே சந்தேகம் ஸ்ட்ராட்டோஸ்ஃபியரைக் கண்டுபிடிச்சவருக்கே வந்துச்சு. பிரான்ஸ்ல டெஸ்ஸெரெங் த போர்னு ஒரு வானிலை ஆய்வாளர், பாரிஸ் பக்கத்துல ட்ராப்ங்கற ஊர்ல இருந்து பலூன் விட்டுப் பாத்தப்போ, அங்க இந்த எல்லை சென்னையை விடக் கீழ இருக்கறதால, 11 கிலோமீட்டருக்கு மேலயே வெப்பநிலை குறையறதே நின்னுபோச்சு. வெயில் பட்டு கருவி சூடாகுதோன்னு ராத்திரியிலயும் விட்டுப் பாத்தார், அப்பவும் அதேதான் வந்துச்சு, இருநூறு பலூனுக்கு மேல விட்டுப் பாத்துட்டுத்தான் 1902ல வெளிய சொன்னார். அதே வருஷம் ஜெர்மனில ரிச்சர்ட் அஸ்மானும் தனியா அதையே கண்டுபிடிச்சார்.

மீனம்பாக்கத்துல இருந்து தினம் ரெண்டு வேளை பலூன் போகுது. வழக்கமான ஒரு நாள் சுமாரா இப்படி இருக்கும்: தரையில 27, ஆறு கிலோமீட்டர்ல மைனஸ் 6, பன்னெண்டரைல மைனஸ் 53, பதினேழுல மைனஸ் 80. அங்க இருந்து திரும்பி, இருபதரைல மைனஸ் 64, முப்பத்தொண்ணுல மைனஸ் 40. பலூன் பெரும்பாலும் அந்த உயரத்துலயே வெடிச்சிரும்.

நிஜக் கோளாறு எப்படி இருக்கும்னா, மேகத்துக்குள்ள நனைஞ்ச சென்சார் வெளிய வந்ததும் ஈரம் ஆவியாகறதால ஒரு சில நூறு மீட்டருக்குப் பொய்யா குளிர் காட்டும், அப்புறம் சரியாகிடும். வெயில் பட்டு சூடானா பகல் பலூனும் இருட்டுல போன பலூனும் ஒத்துப்போகாது. டிசம்பர் மாசத்து சாயங்கால பலூன் 25 கிலோமீட்டரைத் தொடறப்போ அங்க வெயில் போயிருக்கும், அதுலயும் இதே ஏத்தம் இருக்கான்னு பாருங்க. இருக்கும்.

ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்குதுன்னு படிச்சிருக்கோம், தடுத்தா ஏன் சூடாகணும்?

தடுக்கறதுன்னா கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பறது இல்ல, உள்ள வாங்கிக்கறது. மேல இருக்கற ஆக்சிஜன் O₂ மேல கடுமையான புற ஊதாக் கதிர் பட்டா ரெண்டு அணுவா உடையும். தனியா அலையற அந்த O பக்கத்துல இருக்கற இன்னொரு O₂ கூட ஒட்டிக்கிட்டு O₃ ஆகும், அதான் ஓசோன். இதை 1930ல சிட்னி சாப்மன் விளக்கினார். இப்போ அந்த ஓசோன் மேல இன்னொரு கதிர் பட்டா மறுபடி O₂, O ன்னு உடையும், அந்த O திரும்ப ஒரு O₂வப் பிடிச்சு ஓசோனாவே ஆகிடும். அப்போ பாருங்க, ஓசோன் கணக்கு மாறவே இல்ல, ஆனா ஒரு புற ஊதாக் கதிர் காணாமப் போச்சு. அதோட ஆற்றல் உடைஞ்ச துண்டுகளோட வேகமாவும், ஒட்டறப்போ பக்கத்துல மோதற நைட்ரஜனுக்குக் குடுக்கற உதையாவும் மாறுது. மூலக்கூறுகளோட வேகம்தானே வெப்பநிலை! இதே சுத்து பகல் பூரா நடக்குது. இதுதான் ரெண்டாவது அடுப்பு.

ஓசோன் அதிகமா இருக்கறது 25 கிலோமீட்டர்ல, ஆனா அதிக சூடு 50 கிலோமீட்டர்ல. எப்படி?

இந்தக் கேள்விக்காக ரொம்ப சந்தோஷப்பட்டேன், ஏன்னா ‘ஓசோன் இருக்கு, அதனால சூடு’ன்னு ஒரு வரில முடிச்சிடறவங்க இதுக்கு பதில் சொல்ல முடியாது.

ரெண்டு காரணம் இருக்கு. கதிர் மேல இருந்து வருது, அதனால மேல இருக்கற ஓசோனுக்குத்தான் முதல் பங்கு, கீழ வர வர வடிகட்டி மிச்சம்தான் வரும். இன்னொண்ணு, சூட்டைப் பங்கு போட எத்தனை பேர் இருக்காங்கங்கறது. 50 கிலோமீட்டர்ல காத்தோட அடர்த்தி தரையில இருக்கறதுல சுமார் ஆயிரத்துல ஒரு பங்குதான். ஒரு டம்ளர் தண்ணியக் காய வைக்கற நெருப்பு ஒரு அண்டாத் தண்ணிய வெதுவெதுப்பாக்கக்கூடப் பத்தாதுல்ல, அது மாதிரி. மொத்தமா வாங்கற ஆற்றல் கொஞ்சமா இருந்தாலும் அங்க இருக்கற சொற்ப மூலக்கூறுகளுக்கு அது பெரிய பங்கு, அதனால வெப்பநிலை ஏறி ஏறி ஸ்ட்ராட்டோஸ்ஃபியரோட உச்சியான ஸ்ட்ராட்டோபாஸ்ல பூஜ்யம் டிகிரிக்குக் கிட்ட வந்துடுது.

எல்லையில்லாம ஏறாததுக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு. அது அங்க சூட்டை அகச்சிவப்பா விண்வெளிக்கு அனுப்பிடுது. 50க்கு மேல ஓசோன் குறைஞ்சு அடுப்பு அணையற மாதிரி ஆகுது, குளிரூட்டல் மட்டும் தொடருது, அதனால அதுக்கு மேல இருக்கற அடுக்கான மீஸோஸ்ஃபியர்ல திரும்பக் குறைஞ்சு 85 கிலோமீட்டர் கிட்ட மைனஸ் 90 வரைக்கும் போகும்.

இடிமேகம் உச்சில ஏன் தட்டையா பரவுது?

ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் போட்ட மூடிதான் அது. 17 கிலோமீட்டர்ல மைனஸ் 80ல இருக்கற காத்தை ஒரு கிலோமீட்டர் மேல தள்ளினா விரிஞ்சு மைனஸ் 90 ஆகும், ஆனா அங்க ஏற்கனவே இருக்கற காத்து மைனஸ் 76. தள்ளின காத்து 14 டிகிரி குளிரா, கனமா இருக்கறதால மறுபடி கீழயே இறங்கிடும், வேற வழி இல்லாம பக்கவாட்டுல பரவும். வேகமா வர்ற காத்து கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான்.

மேல கீழ கலக்காததால அங்க போனது சீக்கிரம் வராது, மழையும் இல்ல கழுவறதுக்கு. 1991ல பினாடுபோ எரிமலை தள்ளின கந்தகம் ரெண்டு வருஷம் கிட்ட மேலயே சுத்தி பூமியை அரை டிகிரி அளவு குளிர வெச்சதுக்கு அதான் காரணம்.

மூணாவது அடுப்பு எது? மீஸோஸ்ஃபியருக்கும் மேல இருக்கற தெர்மோஸ்ஃபியர்ல ஆயிரம் டிகிரின்னா விண்வெளி வீரர் வெந்துட மாட்டாரா?

மூணாவது அடுப்பு இன்னும் கடுமையான கதிர்களை வாங்கற மேல்மட்ட ஆக்சிஜனும் நைட்ரஜனும். அங்க மூலக்கூறுகளோட வேகம் ஜாஸ்தி, ஆனா எண்ணிக்கை ரொம்ப ரொம்பக் கம்மி, வீரர் மேல வந்து மோதறது சொற்பம். வெந்துபோக மாட்டார், அவரைச் சூடாக்கறது நேரா அடிக்கற வெயில்தான்.

ஓசோன்தான் காரணம்ங்கறதுக்கு நேரடி ஆதாரம் இருக்கா?

அண்டார்டிகாவப் பாருங்க. குளிர்காலத்துல மாசக்கணக்கா வெயில் வராது, அப்போ அடுப்பு எரியாது, கீழ் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் மைனஸ் 80க்கும் கீழ போயிடும், அங்க மேகம்கூட உருவாகும். வசந்தத்துல வெயில் திரும்பினதும் சூடேறணும். 1985ல ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் அறிவிச்ச ஓசோன் ஓட்டை பெருசா இருக்கற வருஷங்கள்ல அந்த ஏத்தம் தாமதமாகுது, வெயில் வந்தும் அந்த அடுக்கு வாரக்கணக்கா குளிராவே கிடக்குது. இன்னொரு பக்கம், ஓசோன் படலம் இல்லாத செவ்வாய்ல இந்த மாதிரி நடுவுல சூடாகற அடுக்கே கிடையாது.